ஒட்டிய பிறகு குலையும் மின்னஞ்சல்: இடைவெளி, எழுத்துரு, வரி முறிவு ஆகியவற்றை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வேர்டு கோப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ ஒரு பகுதியை நகலெடுக்கும்போது, எழுத்துகள் மட்டும் நகலாவதில்லை. அதே பகுதி பல வடிவங்களில் ஒரே நேரத்தில் கணினியின் நினைவில் ஏறுகிறது. ஒன்று வெறும் எழுத்து. இன்னொன்று எழுத்துரு, அளவு, நிறம், பத்தி இடைவெளி எல்லாம் சேர்ந்த எச்டிஎம்எல். மின்னஞ்சலில் `Ctrl+V` அழுத்தினால், அலங்காரத்தோடு கூடிய வடிவத்தையே மின்னஞ்சல் நிரல் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். மூலக் கோப்பில் ஒழுங்காக இருந்த அமைப்பு மின்னஞ்சலின் அமைப்போடு மோதுவது இங்கேதான்.

ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. ஒட்டியதை `Ctrl+Z` அழுத்தி நீக்குங்கள். பிறகு `Ctrl+Shift+V` அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். ஜிமெயிலிலும் தண்டர்பேர்டிலும் இது வேலை செய்யும். கணினியில் நிறுவிய பழைய அவுட்லுக்கில், வழக்கம்போல் ஒட்டியதும் தோன்றும் சிறு படவுருவைச் சொடுக்கி `Keep Text Only` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது கோளாறு மறைந்துவிட்டதா? அப்படியானால் அது அலங்காரத்தில் இருந்தது. மறையவில்லையா? எழுத்துகளுக்கிடையே ஏதோ ஒளிந்திருக்கிறது: தேவையற்ற வரி முடிவு, கண்ணுக்குத் தெரியாத குறி, அல்லது வேறு குறிமுறையில் உள்ள எழுத்து. இரண்டுக்கும் மருந்து வேறு. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து அரை மணி நேரம் செலவழிப்பவர்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்யாதவர்களே.

வெறும் எழுத்தாக ஒட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. தடித்த எழுத்தும் அட்டவணையும் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இணைப்புகள் சத்தமில்லாமல் போவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. "படிவம் இங்கே உள்ளது" என்ற வரியில் "இங்கே" என்ற சொல் அப்படியே இருக்கும், அதன் பின்னாலிருந்த முகவரி இருக்காது. மூலக் கோப்பில் எத்தனை இணைப்பு இருந்தது என்று எண்ணி, அத்தனையையும் மின்னஞ்சலில் மறுபடி சேருங்கள்.

அறிகுறி: ஒட்டிய பத்திகள் விலகி நிற்கின்றன, நான் தட்டிய பத்திகள் ஒட்டிக்கொள்கின்றன

வேர்டில் ஒரு பத்தி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தெரியும் வெற்றிடம் பெரும்பாலும் காலி வரி அல்ல. அது பத்தியோடு சேர்ந்த அமைப்பு. 2013 பதிப்பு முதல் புதிய கோப்பில் ஒவ்வொரு பத்திக்கும் கீழே 8 புள்ளி இடைவெளி தானாகவே வரும். ஜிமெயிலில் அப்படி இல்லை. அங்கே `Enter` ஒருமுறை அழுத்தினால் அடுத்த வரிதான் வரும், இடைவெளி வேண்டுமானால் இன்னொரு முறை அழுத்த வேண்டும். வேர்டிலிருந்து வந்த பத்திகள் தங்கள் இடைவெளியைச் சுமந்துகொண்டு வருகின்றன. மேலே நீங்கள் தட்டிய வணக்கமும் கீழே தட்டிய நன்றியும் ஜிமெயிலின் வழக்கப்படி நிற்கின்றன. ஒரே கடிதம் இரண்டு பேர் எழுதியதுபோல் தெரிவது இதனால்தான்.

ஜிமெயிலில் முழுக் கடிதத்தையும் `Ctrl+A` அழுத்தித் தேர்ந்தெடுத்து, `Ctrl+\` அழுத்துங்கள். அது அலங்காரத்தை அகற்றும். அதிலும் சீராகவில்லை என்றால் வெறும் எழுத்தாக ஒட்டுவதே உறுதியான வழி. ஆனால் அப்போது நேர்மாறான சிக்கல் வரும். வேர்டின் 8 புள்ளி காணாமல் போவதால் பத்திகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நிற்கும். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் `Enter` தட்டிக் காலி வரி சேர்க்க வேண்டும். நீளமான கடிதமென்றால் வேர்டிலேயே `^p` என்பதைத் தேடி `^p^p` என்று மாற்றிவிட்டு நகலெடுங்கள்.

அவுட்லுக்கில் பத்தி அமைப்புப் பெட்டியே இருக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, `Before`, `After` இரண்டையும் ஒரே அளவாக்கினால் போதும். அங்கேயே `Line spacing` என்பதையும் பாருங்கள். அதில் `Exactly` என்றும் பக்கத்தில் 12 போன்ற ஓர் எண்ணும் இருந்தால் தமிழுக்கு ஆபத்து. எழுத்து எவ்வளவு உயரமானாலும் வரிக்கு அவ்வளவுதான் இடம் என்று அது கட்டாயப்படுத்துகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் "கீ", "தீ" போன்றவற்றின் மேல்சுழியும் மேலே வெட்டுப்படும். ஆங்கில வரிகளில் ஒன்றும் தெரியாது என்பதால், கோளாறு எழுத்துருவில்தான் என்று நினைக்கத் தோன்றும். `Single` என்று மாற்றியதும் புள்ளிகள் திரும்பி வந்துவிடும்.

அறிகுறி: வரிகள் பாதியிலேயே உடைகின்றன

ஒரு வரி நீளமாகவும் அடுத்தது இரண்டே சொல்லாகவும் படிக்கட்டு போலக் கடிதம் தெரிகிறது. கைபேசியில் திறந்தால் இன்னும் மோசம். இது ஏறக்குறைய எப்போதும் பிடிஎஃப்பிலிருந்து ஒட்டியதன் விளைவு. பிடிஎஃப் கோப்பு ஓர் அச்சுப் பக்கத்தின் படம் போன்றது. எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அதில் பதிவாகிறது. இந்த வரி முடிந்தது பத்தி முடிந்ததாலா, தாளின் ஓரம் வந்ததாலா என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. எனவே நகலெடுக்கும்போது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு நிரந்தர முறிவு வந்து சேர்கிறது.

உறுதிசெய்யச் சுலபமான வழி: எழுதும் சாளரத்தின் அகலத்தைக் குறையுங்கள், பிறகு கூட்டுங்கள். இடத்துக்கேற்ப மடியும் வரிகள் நகரும். முறிவு நிரந்தரமான இடங்கள் அசையாமல் நிற்கும். நோட்பேடில் ஒட்டி `Word Wrap` என்பதை அணைத்துப் பார்த்தாலும் தெரியும். ஒழுங்கான பத்தி ஒரே நீண்ட வரியாக ஓடும், பிடிஎஃப் பத்தி துண்டு துண்டாகவே நிற்கும்.

ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்ட அறிவிப்பு இரண்டு பக்க பிடிஎஃப்பாக இருக்கிறது, அதை உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலாக அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டியதும் கிடைப்பது இது:

```
உறுப்பினர்கள் அனைவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்
திற்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். கூட்டம் சரி
யாகக் காலை 10 மணிக்குத் தொடங்கும்.

வரவு செலவுக் கணக்கு அன்றே வாசிக்கப்படும்.
```

ஆங்கிலப் பகுதியாக இருந்தால் முறிவுகளை இடைவெளியாக மாற்றினால் ஏறக்குறைய முடிந்தது. வரிக்கடைசியில் வெட்டுப்பட்ட சொல்லுக்கு ஒரு சிறுகோடு இருக்கும், அதைத் தேடி எடுத்துவிடலாம். தமிழ் அச்சில் வரிக்கடைசியில் சொல்லை உடைக்கும்போது சிறுகோடு போடாமல் விடுவது பரவலான வழக்கம். கண் அதைத் தடையில்லாமல் படித்துவிடும். ஆனால் முறிவை இடைவெளியாக மாற்றினால் "பொதுக்கூட்டத் திற்கு" என்றும் "சரி யாகக்" என்றும் ஆகிவிடும். முறிவை வெறுமனே நீக்கினாலோ, உடையாத சொற்களும் ஒட்டிக்கொள்ளும். இரண்டில் எதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் பிழைதான். எழுத்துப்பிழை திருத்தியை நம்பியும் இருக்க முடியாது, "சரி" என்பது தன்னளவில் ஒரு சொல்தானே.

அதனால் முறிவு இருந்த இடத்தில் முதலில் கண்ணுக்குத் தெரியும் ஒரு குறியை வைத்துவிடுவது நல்லது. பகுதியை வேர்டில் வெறும் எழுத்தாக ஒட்டி, `Ctrl+H` அழுத்தி, இந்த வரிசையிலேயே மாற்றுங்கள். இடப்பக்கம் தேட வேண்டியது, வலப்பக்கம் அதற்குப் பதிலாக வர வேண்டியது. `####`, `|` ஆகிய இரண்டு குறிகளும் கோப்பில் ஏற்கெனவே இல்லை என்று ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

```
^l      →  ^p
^p^p    →  ####
^p      →  |
####    →  ^p^p
```

முதல் மாற்றம் இருவகை வரி முடிவையும் ஒன்றாக்குகிறது. இரண்டாவது, காலி வரியால் பிரிந்த உண்மையான பத்திகளைப் பாதுகாப்பாக ஒதுக்கி வைக்கிறது. மூன்றாவது, மிச்சமுள்ள முறிவுகளைக் கோடாக்குகிறது. நான்காவது பத்திகளைத் திரும்பக் கொண்டுவருகிறது. இரண்டாவது மாற்றத்தில் "0" என்று வந்தால், காலி வரிபோலத் தெரிவதில் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கலாம். `^p` என்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி தட்டித் தேடி, வெறும் `^p` ஆக மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். பத்திகளுக்கிடையே காலி வரியே இல்லாத பிடிஎஃப்பாக இருந்தால், பத்தி தொடங்கும் இடங்களில் நீங்களே ஒரு `Enter` தட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது அறிவிப்பின் முதல் பத்தி இப்படி இருக்கும்:

```
உறுப்பினர்கள் அனைவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்|திற்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். கூட்டம் சரி|யாகக் காலை 10 மணிக்குத் தொடங்கும்.
```

ஒவ்வொரு கோட்டிலும் நின்று முடிவு செய்யுங்கள்: சொல் உடைந்திருந்தால் கோட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இடைவெளியாக்குங்கள். இதில் தமிழ் இலக்கணமே பாதி வேலையைச் செய்து தரும். கோட்டுக்குப் பின்னால் அ, ஆ, இ முதலான உயிரெழுத்து நின்றால் அது புதுச் சொல், ஏனென்றால் உயிரெழுத்து தனி வடிவில் சொல்லின் நடுவே அநேகமாக வராது. ஆகவே அந்தக் கோடுகளை யோசிக்காமல் இடைவெளியாக்கலாம். கோட்டுக்குப் பின்னால் ண, ழ, ள, ற, ன ஆகியவற்றின் வரிசை எழுத்து நின்றால், தமிழ்ச் சொல் அப்படித் தொடங்காது. உடைந்த சொல்லின் பின்பாதி அது, சேர்த்துவிடுங்கள். கோட்டுக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ காற்புள்ளியோ இருந்தால் இடைவெளி. இந்த மூன்றும் போக மிஞ்சுவதைத்தான் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பக்கம் மாறும் இடத்தைத் தனியாகப் பாருங்கள். முதல் பக்கத்தின் அடியிலிருந்த பக்க எண்ணும் இரண்டாம் பக்கத்தின் தலையிலிருந்த சங்கத்தின் பெயரும் ஒரு வாக்கியத்தின் நடுவே விழுந்திருக்கும். "கணக்கு அன்றே|1|வாசிக்கப்படும்" என்று கிடந்தால், அந்த 1 தீர்மான எண்ணோ தேதியோ என்று படிப்பவர் குழம்பிப்போவார்.

அறிகுறி: வரியின் வலப்பக்கம் திடீரென்று பெரிய வெற்றிடம்

முறிவு இல்லை, சாளரத்தைச் சுருக்கினால் வரிகள் மடியவும் செய்கின்றன. ஆனாலும் சில வரிகள் பாதியில் நின்று, நாலைந்து சொற்கள் கூட்டமாக அடுத்த வரிக்கு இறங்குகின்றன. அந்தச் சொற்களுக்கிடையே இருப்பது சாதாரண இடைவெளி அல்ல, பிரியா இடைவெளி. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் அதன் இருபுறமும் உள்ள சொற்களை வரி முடிவில் பிரிக்கக் கூடாது என்று அது கட்டளையிடுகிறது. இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது இது அடிக்கடி கூடவே வரும். வெறும் எழுத்தாக ஒட்டினாலும் போகாது, ஏனென்றால் அது அலங்காரம் இல்லை, ஓர் எழுத்து.

வேர்டில் ஒட்டி `Ctrl+Shift+8` அழுத்தினால் மறைகுறிகள் தெரியும். சாதாரண இடைவெளி நடுப்புள்ளியாகவும் பிரியா இடைவெளி சிறு வட்டமாகவும் இருக்கும். `^s` என்று தேடி, சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள். "10 மணி", "பக்கம் 24" போன்ற இடங்களில் யாராவது வேண்டுமென்றே வைத்திருந்தால் மட்டும் விட்டுவிடலாம். எண்ணும் சொல்லும் வரி மாறிப் பிரியாமல் இருக்க அது உதவும்.

இதைவிடத் தொல்லையானது அகலமே இல்லாத இடைவெளி. அது வரியைக் குலைக்காது, மின்னஞ்சல் முகவரியைக் கெடுக்கும். ஒட்டிய முகவரி கண்ணுக்குச் சரியாகவே இருக்கும், அனுப்பினால் திரும்பி வந்துவிடும். அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து பாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் விசையை அழுத்தியும் சுட்டி நகராமல் நின்றால் அங்கேதான் அது இருக்கிறது. முகவரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுவது மேல். தமிழ்ப் பகுதியில் மட்டும் இத்தகைய குறிகளை மொத்தமாக அழிக்க வேண்டாம். "க்ஷ" என்று சேராமல் "க்", "ஷ" இரண்டும் தனித்தனியே நிற்க வேண்டிய இடத்தில் இதன் உறவுக்காரக் குறி ஒன்று வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கலாம்.

அறிகுறி: எனக்குச் சரியாகத் தெரிகிறது, அவருக்கு எழுத்துரு வேறாகத் தெரிகிறது

மின்னஞ்சல் எழுத்துருவைச் சுமந்து போவதில்லை, அதன் பெயரை மட்டுமே சொல்லி அனுப்புகிறது. அந்தப் பெயரில் ஓர் எழுத்துரு பெறுபவரின் கருவியில் இல்லையென்றால், கருவி தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 8 முதல் அது `Nirmala UI`, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் `Noto Sans Tamil`. எனவே அழகான ஓர் எழுத்துருவை நிறுவி, அதைக் கொண்டு அமைத்த அறிவிப்பு பெறுபவரிடமும் அப்படியே தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. வடிவம் மாறக்கூடாத அறிவிப்பு என்றால் பிடிஎஃப்பை இணைப்பாக அனுப்பிவிட்டு, மின்னஞ்சலில் சாரத்தை மட்டும் எழுதுங்கள்.

ஒரே வரியில் தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் சிறிதாகவும் தெரிந்தால், வேர்டின் எழுத்துருப் பெட்டியைத் திறந்து பாருங்கள். `Latin text` என்றும் `Complex scripts` என்றும் இரண்டு பிரிவுகள் இருக்கும். தமிழ் இரண்டாவதில் சேர்கிறது. இரண்டுக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனி அளவு. இரண்டிலும் ஒரே அளவை இட்ட பிறகு நகலெடுங்கள், அல்லது வெறும் எழுத்தாக ஒட்டி மின்னஞ்சலிலேயே அளவைத் தேர்ந்தெடுங்கள்.

நிறத்தையும் மறக்க வேண்டாம். மூலத்திலிருந்து "கருப்பு" என்ற கட்டளையோ வெள்ளைப் பின்புலமோ கூடவே வந்திருந்தால், இருள் பின்புலத்தில் மின்னஞ்சல் படிப்பவருக்கு எழுத்து மங்கலாகவோ வெள்ளைப் பட்டைகளாகவோ தெரியலாம். அலங்காரத்தை நீக்கினால் இதுவும் சேர்ந்து போய்விடும்.

அறிகுறி: தமிழ் இருந்த இடத்தில் `jkpo;` என்று ஏதோ வருகிறது

இது பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு. அதில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளே, அவற்றின் மேல் தமிழ் வடிவம் வரைந்திருந்தார்கள். `jkpo;` என்ற அந்த ஐந்து குறிகளும் பாமினியில் "தமிழ்" என்று தெரியும். மின்னஞ்சலில் பாமினியைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் திரையில் சரியாகிவிடும், அது ஏமாற்று. பாமினி இல்லாத பெறுபவருக்கு மறுபடியும் `jkpo;` என்றே போய்ச் சேரும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் இட்டு மாற்றிய பிறகே ஒட்டுங்கள்.

மாற்றியதும் இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். கோப்பில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பொருளற்ற தமிழெழுத்துகளாகியிருக்கும், அவற்றை மூலத்தைப் பார்த்துத் திரும்பத் தட்ட வேண்டும். அடைப்புக்குறி, மேற்கோள்குறி போன்றவையும் சில சமயம் இடம் தவறியிருக்கும்.

பிடிஎஃப்பிலிருந்து எடுத்ததில் "கொடி" என்பது "ெகாடி" என்று, கொம்பு முன்னால் பிரிந்து புள்ளிவட்டத்தோடு வந்தால் அது வேறு நோய். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு என்பதே வரிசை. அந்த பிடிஎஃப்போ தாளில் கண்ணில் படும் வரிசையில் எழுத்துகளைத் தந்திருக்கிறது. எழுத்துருவை மாற்றுவதால் இது தீராது. ஒரு பத்தி என்றால் திரும்பத் தட்டிவிடலாம். அதற்கு மேல் என்றால் பிடிஎஃப் தயாரித்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: அனுப்பும்வரை சரி, போய்ச் சேர்ந்த பிறகு வரிகள் கலைகின்றன

முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி, கணினியிலும் கைபேசியிலும் திறந்து பாருங்கள். எழுதும் சாளரத்தில் தெரிவது அனுப்பிய பிறகு தெரிவதற்குச் சமமல்ல. இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நேராக்கிய பெயர், தொகை வரிசைகள் கைபேசியில் நிச்சயம் கோணும். அவற்றுக்கு மின்னஞ்சலிலேயே அட்டவணை போடுங்கள், அல்லது "பெயர்: தொகை" என்று வரிக்கொன்றாக எழுதுங்கள்.

உங்களுக்கு ஒழுங்காக வந்தும் ஒருவருக்கு மட்டும் முகவரியின் நான்கு வரிகள் ஒரே வரியாகத் தெரிகின்றன என்றால், நீங்கள் அலங்காரமற்ற எளிய உரையாக அனுப்பியிருக்கிறீர்களா, அவர் அவுட்லுக்கில் படிக்கிறாரா என்று கேளுங்கள். எளிய உரையாக வரும் கடிதத்தில் தேவையற்றவை என்று அது கருதும் முறிவுகளைத் தானாகவே நீக்கும் வசதி அவுட்லுக்கில் உண்டு. அப்படி நீக்கினால் கடிதத்தின் மேலே அதைச் சொல்லும் ஓர் அறிவிப்பு இருக்கும், அதைச் சொடுக்கினால் முறிவுகள் திரும்பும். அவரைச் சொடுக்கச் சொல்லாமலே தீர்க்க வேண்டுமானால், அந்த முகவரியை எச்டிஎம்எல் வடிவில் அனுப்புங்கள், அல்லது அதன் வரிகளுக்கிடையே ஒவ்வொரு காலி வரி விடுங்கள்.